சம்பளமில்லாத மாணவர் படப்பிடிப்பு: பெயர், சாப்பாடு, உரிமை பற்றி ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது எப்படி?

முதல்படம்

இறுதியாண்டுக்காக ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன். ஓடும் நேரம் 12 நிமிடம், படப்பிடிப்பு மூன்று நாள், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. ஒளிப்பதிவாளர் தன் சொந்தக் கேமராவோடு வருகிறார். இசையமைப்பாளர் படப்பிடிப்புக்கே வரமாட்டார். படத்தொகுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து இசையமைத்துத் தருவார்.

போன ஆண்டு வேறொருவரின் மாணவர் படத்தில் உதவியாளராக வேலை செய்தேன். இரண்டாம் நாள் மாலை இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் வாய்த்தகராறு. ஒளிப்பதிவாளர் கேமராவோடு மெமரி கார்டுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "நான் எடுத்தது, என் கார்டில் இருக்கிறது, ஆகவே என்னுடையது" என்றார். வேறு பிரதி இல்லை. அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை.

அதனால் இம்முறை எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்க நினைக்கிறேன். இப்போதைக்கு எழுதியிருப்பது மூன்றே வரி:

"குழுவில் உள்ள அனைவருக்கும் படத்தில் பெயர் போடப்படும். படப்பிடிப்பு நாட்களில் உணவு வழங்கப்படும். படத்தின் எல்லா உரிமைகளும் இயக்குநருக்கே உரியவை."

இதில் என்ன குறை? எதைச் சேர்க்க வேண்டும்? பத்துப் பக்கம் கொடுத்தால் நண்பர்கள் ஓடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

---

கிளாப்பலகை

என் கருத்து, ஒப்பந்தமே தேவையில்லை. படத்தின் பதிப்புரிமை தானாகவே இயக்குநருக்கு வந்துவிடும். கதை உங்களுடையது, இயக்கம் உங்களுடையது. மற்றவர்கள் உதவிக்கு வந்தவர்கள். உதவிக்கு வந்தவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றால் முகம் சுருங்கிவிடும். நான் மூன்று படம் எடுத்துவிட்டேன், ஒருவரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை.

---

பழையகை

பத்தொன்பது ஆண்டுகளாகத் தயாரிப்பு நிர்வாகத்தில் இருக்கிறேன். மாணவர் படங்களுக்கும் அவ்வப்போது உதவுவதுண்டு. கிளாப்பலகை சொன்னதில் பாதி சரி: பதிப்புரிமை தானாகவே பிறக்கிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது இயக்குநருக்குத்தான் பிறக்கிறது என்பது சரியல்ல. இசையை உருவாக்கியவருக்கு இசையில் உரிமை. திரைக்கதையை வேறொருவர் எழுதியிருந்தால் அதில் அவருக்கு உரிமை. படப்பிடிப்புத் தளத்தில் நிழற்படம் எடுத்தவருக்கு அந்தப் படங்களில் உரிமை. சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றால் முதலாளிக்குப் போகும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. உங்கள் ஆட்கள் சம்பளக்காரர்கள் இல்லையே. அந்த வழி உங்களுக்கு அடைபட்டுப் போகிறது. சம்பளம் கொடுக்காத படத்துக்குத்தான் எழுத்து அதிகம் தேவை என்பது இதனால்தான்.

முதல்படம், உங்கள் மூன்று வரியையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். மூன்றும் ஒரே பேரத்தின் பகுதிகள். குழு உங்களுக்குத் தருவது உழைப்பும் அந்த உழைப்பில் பிறக்கும் உரிமையும். நீங்கள் அவர்களுக்குத் தருவது பெயர், சாப்பாடு, முடிந்த படத்தின் ஒரு பிரதி. பணம் இல்லாததால் இந்த மூன்றும்தான் கூலி. பல நாடுகளில் ஒரு தரப்பு மட்டும் கொடுத்து மறுதரப்பு எதுவுமே கொடுக்காத வாக்குறுதி நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே "பெயரும் உணவும் பிரதியும் பெற்றுக்கொள்வதற்கு ஈடாக" என்ற சொற்களோடு உரிமை வரியைத் தொடங்குங்கள். கூலியைத் தெளிவாக எழுதினால், வாங்குவதையும் கூச்சமில்லாமல் எழுதலாம். உங்கள் வரைவில் கூலி மங்கலாகவும், வாங்குவது மட்டும் "எல்லா உரிமைகளும்" என்று முழங்குவதாகவும் இருக்கிறது. நண்பர்களுக்கு முகம் சுருங்குவது தாளைப் பார்த்து அல்ல, இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துத்தான்.

---

வாடகைவீடு

என் வீட்டில் ஒரு மாணவர் குழு படம் எடுத்தது. சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒப்பந்தத்தில் சுவரைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள். முன்பணமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பழையகை

அது இடம் தருபவரோடு போடும் ஒப்பந்தம். இங்கே கேட்பது குழுவோடு போடுவது. ஆணி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான்.

---

பூம்பிடிப்பவன்

பெயர் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். ஒரு மாணவர் படத்துக்கு நான்கு நாள் ஒலிப்பதிவு செய்தேன். கொளுத்தும் வெயிலில் மைக் கம்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றவன் நான். படம் இணையத்தில் வெளியானபோது "ஒலி" என்ற இடத்தில் ஒலிக்கலவை செய்தவர் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் "நன்றி" பட்டியலில், அதுவும் எழுத்துப்பிழையோடு. இயக்குநரிடம் கேட்டேன். "ஏற்கெனவே பதிவேற்றிவிட்டோம், பார்வைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, எடுத்துவிட்டு மறுபடி போட்டால் இணைப்பு மாறிவிடும்" என்றார். அவர் சொன்ன காரணம் உண்மைதான், யூடியூபில் அதே இணைப்பில் வீடியோக் கோப்பை மாற்ற முடியாது. ஆனால் கீழே உள்ள விவரக் குறிப்பை இரண்டு நிமிடத்தில் திருத்தலாமே? அதையும் செய்யவில்லை.

அவரிடமும் "அனைவருக்கும் பெயர் போடப்படும்" என்ற வரி இருந்தது. பெயர் போட்டுவிட்டார்தானே! நன்றிப் பட்டியலில் போட்டாலும் அது பெயர்தான். முதல்படம், உங்கள் முதல் வரி இதே வரி என்பதைக் கவனியுங்கள்.

---

முதல்படம்

படித்ததும் கூச்சமாகிவிட்டது. சரி, பெயர் பற்றிய வரியை இப்படி மாற்றினால்?

"ஒவ்வொருவரின் பெயரும், அவர் கையெழுத்திடும்போது எழுதித் தரும் வடிவத்திலேயே, அவர் செய்த பணியின் பெயரோடு, படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறும்."

---

பூம்பிடிப்பவன்

நல்லது. ஆனால் "செய்த பணி" என்பதை யார் முடிவு செய்வது? மாணவர் படத்தில் காலையில் விளக்குப் பிடித்தவர் மாலையில் கண்டினியூட்டி பார்ப்பார். முதல் நாள் மட்டும் வந்துவிட்டு நின்றுவிட்டவருக்கு என்ன?

---

பழையகை

இதற்கு நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் ஆளுக்கு ஒரு முதன்மைப் பணியை எழுதிவிட வேண்டும். வேலை கூடினாலோ மாறினாலோ பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பேசிச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் விலகியவர் ஒரு முழு நாளாவது வேலை செய்திருந்தால் பெயர் உண்டு. அவருக்குப் பதில் வந்தவர் அதிக நாள் செய்திருந்தால் முதன்மைப் பெயர் அவருக்கு, முன்னவருக்கு "கூடுதல் ஒளிப்பதிவு" என்பது போல. சண்டை போட்டுக்கொண்டு போனவருக்கும் இதுவே விதி. இதைச் சண்டைக்கு முன்பே எழுதிவைப்பதில்தான் பயன். சண்டைக்குப் பிறகு யாரும் நியாயமாக எழுதமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது: படத்தைப் பூட்டுவதற்கு, அதாவது படத்தொகுப்பில் இனி மாற்றமில்லை என்று முடிவு செய்வதற்கு, ஏழு நாள் முன்பு பெயர்ப்பட்டியலை எல்லோருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிவிடுங்கள். பூம்பிடிப்பவனுக்கு நேர்ந்தது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை. படத்தொகுப்பாளர் இரவு இரண்டு மணிக்கு நினைவிலிருந்து பெயர்களைத் தட்டச்சு செய்வதால் நேர்வது. படத்தொகுப்பாளர் கண்ணில் பட்டவர்கள் யார்? படப்பிடிப்புக்குப் பின் வேலை செய்தவர்கள். தளத்தில் மட்டும் நின்றவர்களை அவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் ஒலிக்கலவை செய்தவர் பெயர் இருந்தது, உங்கள் பெயர் இல்லை.

---

கிளாப்பலகை

சரி, பெயருக்கு எழுதுங்கள். சாப்பாட்டுக்குமா? மூன்று வேளையும் போடுவோம் என்றால் முடிந்தது. இதற்கெல்லாம் உட்பிரிவு எழுதினால் சிரிப்பார்கள்.

---

அழைப்புத்தாள்

நான் உதவி இயக்குநர். சிரிக்க ஒன்றுமில்லை. என் அனுபவத்தில் சம்பளமில்லாத குழு இரண்டாம் நாள் காணாமல் போவதற்கு முதல் காரணம் பெயரும் அல்ல, உரிமையும் அல்ல. நேரம் தவறிய சாப்பாடு.

ஒரு கணக்குப் பாருங்கள். விளக்குக் குழுவை 6 மணிக்கு வரச் சொல்கிறீர்கள். கேமராவும் ஒலியும் 8 மணிக்கு. நடிகர்கள் 8.30. முதல் ஷாட் 9 மணி. மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்றால் இயக்குநருக்கு அது நியாயமாகத் தெரியும், ஏனென்றால் அவர் மனத்தில் நாள் முதல் ஷாட்டில் தொடங்குகிறது. நான்கு மணி நேரம்தானே ஆயிற்று? கேமராக் குழுவுக்கு ஐந்து மணி நேரம். விளக்குக் குழுவுக்கு ஏழு மணி நேரம். கடைசி ஷாட்டை முடித்துவிடலாம் என்று அரை மணி தள்ளினால் அவர்களுக்கு ஏழரை.

தொழில்முறைப் படப்பிடிப்புகளில் பரவலாக உள்ள வழக்கம், வரச்சொன்ன நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட வைப்பது. அடுத்த வேளை, முந்தைய உணவு முடிந்ததிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலிருந்து எண்ணுவது என்பதை எழுதாமல் "உணவு வழங்கப்படும்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

இடைவேளை குறைந்தது முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடத்தை வரிசையில் கடைசி ஆள் தட்டை வாங்கியதிலிருந்து எண்ண வேண்டும். கடைசியில் வருபவர் எப்போதும் கேமரா உதவியாளரும் விளக்குக்காரரும்தான். கருவிகளைப் பத்திரப்படுத்திவிட்டு வருவார்கள். முதல் ஆளிலிருந்து எண்ணினால் அவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சும்.

---

முதல்படம்

எங்கள் முதல் நாள் திட்டம் ஏறக்குறைய இதே நேரங்கள்தான்! அப்படியானால் எல்லோருக்கும் 12 மணிக்குச் சாப்பாடு வைக்க வேண்டுமா? எங்களுக்கு அந்த நேரத்தில்தான் சன்னல் வழியாக வெளிச்சம் சரியாக விழும்.

---

அழைப்புத்தாள்

இரண்டு வழி உண்டு. 12 மணிக்கு எல்லோருக்கும் இடைவேளை விடலாம். அல்லது முன்னதாக வருபவர்களுக்கு மற்றவர்கள் வரும் நேரத்தில், அதாவது 8 மணியையொட்டி, ஒழுங்கான காலை உணவும் அதை உட்கார்ந்து சாப்பிட நேரமும் கொடுத்துவிட்டால், அவர்களுடைய ஆறு மணி நேரத்தை அங்கிருந்து எண்ணலாம். அப்போது 1 மணி எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு "வேலை செய்துகொண்டே சாப்பிடுங்கள்" என்பது இந்தக் கணக்கில் சேராது.

உணவுக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். அது நீங்களாக இருக்கக் கூடாது. பிற்பகல் 12.50க்கு இயக்குநருக்குப் பசிக்காது. அவருக்கு இன்னும் ஒரு ஷாட் வேண்டும். மேலும், கையெழுத்துப் போடும் தாளிலேயே "சாப்பிடக் கூடாதவை, ஒவ்வாமை" என்று ஒரு கோடு விடுங்கள். படப்பிடிப்பு அன்று கேட்டால் காலம் கடந்துவிடும்.

---

கிளாப்பலகை

ஒப்புக்கொள்கிறேன். என் இரண்டாவது படத்தில் மூன்று பேர் மறுநாள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூவருக்கும் ஒரே நாளில். இப்போது யோசித்தால், முதல் நாள் சாப்பாடு நான்கு மணிக்கு வந்தது.

---

பத்திஎண்

சட்டம் படிக்கிறேன், வழக்கறிஞர் இல்லை. உரிமை வரியைப் பற்றிச் சில செய்திகள்.

முதலில், இயக்குநர்தான் உரிமையாளர் என்று கிளாப்பலகை சொன்னது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர், அதாவது படம் உருவாக முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். பிரிட்டனில் தயாரிப்பாளரும் முதன்மை இயக்குநரும் சேர்ந்து. அமெரிக்காவில், ஊழியரல்லாத ஒருவரிடம் படத்துக்காகச் செய்யச் சொன்ன வேலை அதைச் செய்யச் சொன்னவருக்குச் சொந்தமாக வேண்டுமென்றால் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். ஆகவே "தயாரிப்பாளர்" யார் என்று தாளின் முதல் வரியிலேயே ஒரு பெயரை எழுதுங்கள். மாணவர் படங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. முதல்படம், அது நீங்கள்தானா? உங்கள் கல்வி நிறுவனத்தின் விதிகளைப் பார்த்தீர்களா? மாணவர் படங்களின் உரிமை நிறுவனத்துக்கே என்றோ, திரையிடும் உரிமை தங்களுக்கும் உண்டு என்றோ சில இடங்களில் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். உங்களிடம் இல்லாத ஒன்றைக் குழுவிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வதாக எழுதக் கூடாது.

இரண்டாவது, "எல்லா உரிமைகளும்" என்ற சொல் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். படத்தொகுப்பு இரண்டு ஆண்டு இழுத்துக்கொண்டு போவது மாணவர் படங்களின் இயல்பு. வன்தட்டில் உறங்கும் படத்துக்கு அந்தக் கடைசி விதி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற நாடுகளின் விதிகள் வேறு. ஆனால் காலம், இடம், பயன்படுத்தாமல் கிடந்தால் என்ன ஆகும் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் எங்கும் நல்லதுதான்.

---

லென்ஸ்மூடி

நான் ஒளிப்பதிவாளர். இங்கே எல்லோரும் இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். சொந்தக் கேமரா, சொந்த லென்ஸ், மூன்று நாள் உழைப்பு. சம்பளமும் இல்லை. உரிமையையும் எழுதிக் கொடு என்கிறீர்கள். பெயர் போடாவிட்டால்? சாப்பாடு தராவிட்டால்? உரிமை போனது போனதுதானே?

முதல்படம் சொன்ன அந்த ஒளிப்பதிவாளர் கார்டைத் தூக்கிக்கொண்டு போனது தவறுதான். ஆனால் அவர் கையில் இருந்த ஒரே பிடி அதுதான் என்பதையும் பாருங்கள்.

---

பூம்பிடிப்பவன்

அதையே நானும் சொல்கிறேன். பெயர் போட்டால்தான் உரிமை, போடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று எழுதுங்கள்.

---

பழையகை

அது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் குழுவையே வெட்டும். ஒன்பது பேரில் ஒருவர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பங்கின் உரிமை திரும்பிவிட்டால் படத்தை எங்கும் அனுப்ப முடியாது. திரைப்பட விழாக்கள் விண்ணப்பத்திலேயே "எல்லா உரிமைகளும் என்னிடம் உள்ளன" என்று உறுதி கேட்கும். ஒருவரின் குறையால் மற்ற எட்டுப் பேரின் உழைப்பும் முடங்கும். அதற்குப் பதில் திருத்தும் கடமையை வையுங்கள்: பிழையைச் சுட்டிக்காட்டிய 14 நாளுக்குள் இணையத்தில் உள்ள விவரக் குறிப்பைத் திருத்த வேண்டும், அடுத்து எடுக்கும் எந்தப் பிரதியிலும் பெயர்ப்பட்டியலைத் திருத்த வேண்டும்.

---

பூம்பிடிப்பவன்

திருத்தமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால்?

---

பத்திஎண்

நடுவழி ஒன்று உண்டு. உரிமையை மாற்றிக் கொடுக்காமல், பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்கலாம். அனுமதிக்கு நிபந்தனை வைக்கலாம்: சுட்டிக்காட்டியும் குறிப்பிட்ட நாளுக்குள் திருத்தாவிட்டால் அனுமதி நிற்கும். தற்செயல் பிழைக்கு அனுமதி நிற்காது, பிடிவாதத்துக்கு நிற்கும். ஆனால் அனுமதி மட்டும் வைத்திருக்கும் படத்தை விநியோகிப்பாளர் எடுக்கத் தயங்குவார் என்பதும் உண்மை.

---

பழையகை

அதே தயக்கம் எனக்கும். என் வழக்கம் ஆளைப் பார்த்துப் பிரிப்பது. கேமரா, ஒலி, கலை, படத்தொகுப்பு என்று படத்துக்குள் கரைந்துவிடும் வேலைகளுக்கு உரிமை மாற்றம். இசைக்கு அனுமதி மட்டும். இசை படத்துக்கு வெளியேயும் தனியாக வாழும். இசையமைப்பாளர் அதை வேறொரு இடத்தில் பயன்படுத்த நினைப்பார், பயன்படுத்தட்டும். "இந்தப் படத்திலும் இதன் முன்னோட்டத்திலும், காலவரையின்றி, உலகெங்கும்" என்று அனுமதி வாங்கினால் உங்களுக்குப் போதும்.

லென்ஸ்மூடிக்கு: பிடி வேண்டும் என்பது புரிகிறது. அந்தப் பிடியைக் கார்டில் வைக்காமல் தாளில் வையுங்கள். முதல் திரையிடலுக்குப் பிறகு உங்கள் பணி மாதிரிக் காணொளிக்கு 90 விநாடிவரை எடுத்துக்கொள்ளும் உரிமை. திரையிடலே நடக்காமல் ஓராண்டு கடந்துவிட்டால், திரையிடலுக்குக் காத்திருக்காமல் நீங்கள் எடுத்த காட்சிகளின் பிரதியைப் பெற்று அதே காணொளிக்குப் பயன்படுத்தும் உரிமை. ஒளிப்பதிவாளர்கள் உண்மையில் பயப்படுவது படம் முடியாமலே போய், எடுத்ததைக் காட்ட ஒரு துண்டுகூட இல்லாமல் போவதற்குத்தான்.

---

லென்ஸ்மூடி

இது இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். 90 விநாடி போதும். ஓராண்டு என்பதை மட்டும் ஒன்பது மாதமாக்கச் சொல்வேன்.

கார்டு பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கார்டு யாருடையது என்பதும் அதில் உள்ள காட்சி யாருடையது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். கார்டு என்னுடையதாகவே இருக்கட்டும், ஆனால் அன்றன்று இரவு கிளம்புவதற்கு முன் இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்து, ஒன்று தயாரிப்பாளரிடம், மற்றொன்று என்னிடம். இரண்டு பிரதியும் சரியென்று பார்த்த பிறகே கார்டை அழிப்பது. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் போன ஆண்டுப் படத்தில் முதல் நாளாவது தப்பியிருக்கும்.

---

முதல்படம்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் துறை அலுவலகத்தில் கேட்டேன். படத்தின் உரிமை மாணவருக்கே, ஆனால் நிறுவனம் தன் நிகழ்ச்சிகளில் திரையிட்டுக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. தயாரிப்பாளர் நான்தான். இதோ திருத்திய வரைவு:

"இந்தக் குறும்படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநருமான நானும், கீழே கையெழுத்திடும் குழு உறுப்பினரும் ஒப்புக்கொள்வது:

பணி: உறுப்பினர் கீழே குறித்த பணியைச் சம்பளமின்றி, தம் விருப்பத்தோடு, குறித்த நாட்களில் செய்வார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். முடிந்தால் ஒரு நாள் முன்பே சொல்வார்.

பெயர்: ஒரு முழு நாளாவது பணியாற்றியவரின் பெயர், அவர் இங்கே எழுதித் தரும் வடிவத்தில், பணியின் பெயரோடு, இறுதிப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறும். விரும்பினால் தம் பெயரை நீக்கச் சொல்லலாம். பட்டியல் படத்தைப் பூட்டுவதற்கு ஏழு நாள் முன்பு எல்லோருக்கும் அனுப்பப்படும். பிழை சுட்டிக்காட்டப்பட்டால் 14 நாளுக்குள் இணையக் குறிப்பிலும், அடுத்த பிரதியிலும் திருத்தப்படும்.

உணவு: ஒவ்வொருவருக்கும் அவரை வரச்சொன்ன நேரத்திலிருந்து, அல்லது உட்கார்ந்து சாப்பிட்ட முந்தைய உணவு முடிந்ததிலிருந்து, ஆறு மணி நேரத்துக்குள் உணவு. இடைவேளை, கடைசி ஆள் உணவு பெற்றதிலிருந்து முப்பது நிமிடம். பொறுப்பாளர் பெயர் கீழே.

உரிமை: மேற்கண்ட பெயர், உணவு, முடிந்த படத்தின் ஒரு பிரதி ஆகியவற்றுக்கு ஈடாக, உறுப்பினர் இந்தப் படத்துக்காகச் செய்த பணியில் தமக்குள்ள பதிப்புரிமையைத் தயாரிப்பாளருக்கு, அதன் முழுக் காலத்துக்கும், உலகெங்கும் மாற்றித் தருகிறார். படம் தாமதமாவதால் இது காலாவதியாகாது. அவருடைய கருவிகள் அவருடையவையே. இசைக்கு மட்டும் உரிமை மாற்றம் இல்லை. தனி அனுமதி இணைக்கப்பட்டுள்ளது. கல்வி நிறுவனத்துக்குத் திரையிடும் உரிமை உண்டு.

காட்சிப் பிரதிகள்: ஒவ்வொரு நாளும் இரண்டு வன்தட்டுகளில் பிரதி, ஒன்று தயாரிப்பாளரிடம், மற்றொன்று ஒளிப்பதிவாளரிடம். முதல் திரையிடலுக்குப் பின், அல்லது படப்பிடிப்பு முடிந்து ஒன்பது மாதத்துக்குப் பின், இவற்றில் எது முந்தியதோ அப்போதிலிருந்து உறுப்பினர் தம் பணி மாதிரிக்கு 90 விநாடிவரை பயன்படுத்தலாம். அதற்கான காட்சிகளின் பிரதி கேட்டால் தரப்படும்."

---

பத்திஎண்

நன்றாக வந்திருக்கிறது. மூன்று சிறு திருத்தம். தேதி எழுதக் கோடு விடுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் குழுவில் இருந்தால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். முதல் ஷாட்டுக்கு முன்பே எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். குழு அரட்டையில் "சம்மதம்" என்று அனுப்பியது பல நாடுகளில் உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்தாக ஏற்கப்படுமா என்பது வாதத்துக்குரியது. காகிதமோ முறையான மின்கையொப்பமோ வாங்கிக்கொள்ளுங்கள்.

---

அழைப்புத்தாள்

உணவுப் பத்தியில், உணவு நேரம் தவறினால் என்ன என்று இல்லையே. ஆறரை மணி நேரம் தாண்டினால் குழு வேலையை நிறுத்தலாம், அதை யாரும் குறையாகச் சொல்லக் கூடாது என்று சேருங்கள்.

---

கிளாப்பலகை

பரிசுப் பணம் வந்தால்? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

---

பழையகை

சரியான கேள்வி. பங்கு இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். உண்டு என்றால் முதலில் தயாரிப்பாளர் கையிலிருந்து போட்ட செலவு, பிறகு மிச்சத்தை ஒன்பதாகப் பிரிப்பது. நான் இரண்டாவதை விரும்புகிறேன், ஆனால் செலவுக் கணக்கை எல்லோருக்கும் திறந்துகாட்டத் தயாராக இருந்தால் மட்டும்.

---

லென்ஸ்மூடி

ஒன்பதாகச் சமமாகவா? சொந்தக் கேமரா கொண்டு வந்தவருக்கும் அரை நாள் வந்தவருக்கும் ஒரே பங்கா?

---

பூம்பிடிப்பவன்

வந்துவிட்டது சண்டை. நாள் கணக்கில் பிரித்தால் இசையமைப்பாளருக்கு எத்தனை நாள் என்று எழுதுவீர்கள்?

---

முதல்படம்

நேற்று ஒன்பது பேரும் உட்கார்ந்து படித்தோம். வேலை நிறுத்தும் வரியைச் சேர்த்தேன், எல்லோரும் கைதட்டினார்கள். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூவர் தம் பெயரை நான் இதுவரை எழுதிவந்ததிலிருந்து வேறு விதமாக எழுதித் தந்தார்கள். அதில் ஒருவர் எனக்கு நான்கு ஆண்டுப் பழக்கம். பரிசுப் பணப் பத்தியில்தான் நின்றுவிட்டோம். ஒளிப்பதிவாளர் நாள் கணக்கு என்கிறார், இசையமைப்பாளர் சமப் பங்கு என்கிறார். அந்தப் பத்தியை மட்டும் தனித் தாளாக்கி, படப்பிடிப்புக்கு முந்தைய நாள்வரை நேரம் வைத்திருக்கிறோம். இசையமைப்பாளர் அது முடிந்தபிறகே கையெழுத்து என்கிறார்.